ஸ்கூட் விடாத ஆட்டம்

நகரியில் கணக்கு எழுதுகிறவன் நான். கடனுக்கு மனுப் போடுகிறவர்களின் ஆறு மாத வரவு செலவைப் படித்து, வங்கிக்காரர் என்ன கேட்பார் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. வருகிறவர்களில் பாதிக்கு மேல் விசைத்தறிக்காரர்கள். ஆந்திராவில் இருந்தாலும் எங்கள் தெருவில் வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, தறிக்கூடத்தில் இரண்டும். ஏகாம்பரகுப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே தறிச் சத்தம்தான். இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் தறியுமாக இருப்பவர்கள் நிறைய.

இந்த வேலையில் இருப்பதால் செல்போன் ரம்மியை நான் மேசையில் பார்த்ததைவிடக் காகிதத்தில் பார்த்தது அதிகம். அதனால் ஒன்று தெரிந்தது. ஒருவன் எவ்வளவு விட்டான் என்ற தொகை தெரியவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதற்குப் பல வாரங்கள் முன்னாலேயே, பணம் எந்தெந்த மணிக்குப் போனது என்பதில் ஆபத்து தெரிந்துவிடுகிறது. பாஸ்புக்கில் தேதி மட்டும்தான் இருக்கும். யு.பி.ஐ. செயலியிலிருந்து ஸ்டேட்மெண்ட் இறக்கினால் மணி, நிமிடம் எல்லாம் வரும். நான் பார்ப்பது அதைத்தான்.

எல்லைக் கதையைச் சொல்லாமல் மற்றது புரியாது. ஆந்திர அரசு 2020 செப்டம்பரிலேயே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியைத் தடை செய்துவிட்டது. தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரில் அவசரச் சட்டம் போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. அப்புறம் நீதிபதி சந்துரு குழு, புதிய மசோதா, ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 ஏப்ரலில் ஒப்புதல் என்று நீண்டது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை வைத்துக்கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று சொன்ன பட்டியலை மட்டும் நீக்கியது. ஆகப் பல ஆண்டுகள் நிலைமை இப்படி: நகரியில் செயலியைத் திறந்தால் ‘உங்கள் மாநிலத்தில் பணம் வைத்து ஆட முடியாது’ என்று வரும். பைக்கை எடுத்துக்கொண்டு எல்லைப் பலகையைத் தாண்டினால் அதே போனில் மேசை திறக்கும். இரவு தறி நின்ற பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் பலகைக்குச் சற்று முன்னால், புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக்கொண்டு போனும் கையுமாக நிற்பதை அந்த வழியாகப் போன எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அவர்களில் ஒருவன் 2024 கடைசியில் என்னிடம் வந்தான். பழைய தறி இரண்டு விலைக்கு வருகிறது, கடன் வாங்கலாமா என்று கேட்டான். நல்ல கைக்காரன், குடிப்பழக்கம் இல்லை. வாரக் கூலி நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்டேட்மெண்டைப் பார்த்ததும் ஒரு தாளைத் தனியாக எடுத்து வைத்தேன். ஒரு புதன்கிழமை இரவு அதில் இருந்தது இது: 8.42க்கு 100 ரூபாய். 9.05க்கு 100. 9.19க்கு 200. 9.27க்கு 200. 9.31க்கு 500. 9.33க்கு 500. மொத்தம் 1,600, அவனுடைய வாரக் கூலியில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்.

தொகையை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள். 23 நிமிடம், 14, 8, 4, 2. முதல் நூறு ரூபாய் 23 நிமிடம் தாங்கியது. ஆடினான், ஜெயித்தான், தோற்றான், கொஞ்சம் யோசித்தான், அப்புறம் அடுத்த நூறு போட்டான். கடைசி ஐந்நூறுகளுக்கு நடுவில் யோசிக்கவே நேரம் இல்லை. ஒரு புள்ளி ஒரு ரூபாய் மேசையிலிருந்து ஐந்து ரூபாய் மேசைக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரே கையில் தோற்கக்கூடிய அதிகபட்சமான ஃபுல் கவுண்ட் வாங்கினால் 80 புள்ளி, 400 ரூபாய். ஒரு கை முடிய இரண்டு நிமிடம் போதும்.

இதைக் காட்டியபோது அவன் மறுக்கவில்லை. “அது ஒரு நாள் கோவத்துல போட்டது அண்ணா” என்றான். கோபம் யார் மேல் என்று கேட்டேன். “முதலாளி டேமேஜ் பிடிச்சிட்டாரு.” நெய்த துணியில் இழை விட்டிருந்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலியில் கழிப்பார்கள். கழித்ததைவிட, எல்லோருக்கும் முன்னால் துணியை விரித்துக் காட்டியதுதான் அவனுக்கு ஆறவில்லை.

முதலாளியிடம் கோபம் வந்தவன் ஏன் சீட்டை எடுக்கிறான்? பணம் சம்பாதித்துக் கழித்த கூலியை ஈடுகட்டவா? அவனும் முதலில் அப்படித்தான் சொன்னான். நான் நம்பவில்லை. ஜெயித்த பணத்தை அவன் எடுத்ததாக அந்த ஆறு மாதத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன. ஜெயித்ததெல்லாம் மேசையிலேயே கரைந்திருக்கிறது. கூலியை ஈடுகட்ட நினைப்பவன் ஜெயித்ததும் எடுத்திருப்பான்.

அவனுக்கு வேண்டியிருந்தது அந்த முக்கால் மணி நேரம். ஒவ்வொரு முறையும் சீட்டு எடுத்து இறக்கச் செயலி சில விநாடிகள்தான் கெடு கொடுக்கும், ஓரத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே இருக்கும். அந்த விநாடிகளில் முதலாளி முகம் வராது. அப்பாவின் மருந்துச் சீட்டு வராது. ஆட்டம் முடிந்ததும் அடுத்த கை தானாகவே விழுகிறது. கல்யாண வீட்டுத் திண்ணையிலும் சீட்டு ஆடியிருக்கிறோம். அங்கே கலைக்க வேண்டும், ஒருவன் டீ கேட்பான், ஒருவன் கள்ள ஆட்டம் என்று சண்டை போடுவான், விடிந்தால் எழுந்தே ஆகவேண்டும். அந்த இடைவெளிகளில் நம் கவலை நமக்குத் திரும்ப வந்துவிடும். போனில் அந்த இடைவெளி கிடையாது. செயலியின் வேகத்தைக் குறைத்துவிட்டால் பாதிப் பேர் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள் என்பது என் எண்ணம்.

கமிஷன் கணக்கை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெயிக்கிற தொகையில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்று மேசைக்காரன் எடுத்துக்கொள்வான். சமமான திறமையுள்ள இருவர் ஒரு ரூபாய் மேசையில் நூறு ஆட்டம் ஆடி, ஆளுக்குப் பாதி ஜெயித்து, ஒவ்வொரு முறையும் 40 புள்ளி கைமாறினால் இருவருமே தோற்றதில் 2,000 ரூபாய் கொடுத்திருப்பார்கள். பதினைந்து சதவீதம் போக ஜெயித்ததில் 1,700 வாங்கியிருப்பார்கள். இருவருக்கும் 300 ரூபாய் நஷ்டம். ‘நான் நல்லா ஆடுவேன்’ என்பவர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள், ஆனால் நிறுத்த மாட்டார்கள். கணக்கு தெரியாமல் யாரும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

இப்போது ஸ்கூட் விஷயம். பதின்மூன்று சீட்டு வந்ததும் கையைப் பார்க்கிறோம். ஜோக்கர் இல்லை, ரன் அமைய வழியில்லை என்றால் சீட்டு எடுப்பதற்கு முன்பே ஸ்கூட் விட்டால், அதாவது அந்தக் கையை ஆடாமல் விலகிவிட்டால், 20 புள்ளி நஷ்டத்தோடு தப்பிக்கலாம். ஒரு சுற்று எடுத்துவிட்டு விட்டால் 40. எதிராளி டிக் அடித்து ஆட்டத்தை முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தால் அதிகபட்சம் 80 வரை போகும். ரம்மி தெரிந்தவன் கெட்ட கையை ஸ்கூட் விட்டே பிழைக்கிறான். இவன் செயலியில் பழைய ஆட்டங்களின் பட்டியல் இருந்தது. ஆரம்ப மாதத்தில் தோற்ற ஆட்டங்களில் நிறைய 20கள். நான்காவது மாதம் வரும்போது 20 என்ற எண்ணே ஏறக்குறையக் காணோம், எல்லாம் அறுபதுக்கு மேல். திறமை எங்கும் போய்விடவில்லை. ஸ்கூட் விட்டால் ஆட்டம் அவனுக்கு முடிந்துவிடும், அடுத்த கை வரும் வரை சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்துக்குத்தான் அவன் பயந்தான். எந்தக் கையாக இருந்தாலும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்தால், ஆட்டம் வேறு எதற்காகவோ நடக்கிறது என்று பொருள். பணம் கையில் இருக்கும்போதே ஒருவன் தன்னிடம் பார்த்துக்கொள்ளக்கூடிய அடையாளம் இதைவிட நல்லதாக எனக்குத் தெரியவில்லை.

கடன் மனுவை ஓரம் வைத்துவிட்டு, பென்சிலைக் கொடுத்து ஒவ்வொரு இரவின் முதல் வரிக்குப் பக்கத்திலும் அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை எழுதச் சொன்னேன். தொகையைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், முதல் வரிக்கு முன்னால் நடந்தது மட்டும். ஆறு மாதத்து இரவுகள் எப்படி ஞாபகம் இருக்கும் என்றான். கிழமையைப் பார்த்தாலே பாதி ஞாபகம் வந்துவிட்டது. சனிக்கிழமை கூலி நாள், திங்கட்கிழமை குழுக் கடன் தவணை நாள், ஆடி மாதத்தில் ஒரு வாரம் அப்பாவோடு ஆஸ்பத்திரி.

முதல் இரண்டு மாதத்தில் விழுந்த வார்த்தைகள்: டேமேஜ், குழு, அப்பா, குழு, மச்சான் (தங்கை வீட்டுக்காரரோடு ஏதோ வாக்குவாதம்), டேமேஜ். நடுவில் மூன்று நான்கு நாள் வெற்று இடைவெளி. மூன்றாம் மாதத்தில் வார்த்தைகள் குறைந்தன, இரவுகள் கூடின. பல வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு சும்மா இருந்தான். ‘ஒன்னும் நடக்கல அண்ணா’ என்றான். அப்புறம் தானாகவே ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தான்: ‘நேத்து’. அதற்குக் கீழே இன்னொரு ‘நேத்து’. அந்தப் பக்கம் முழுக்க அதுதான்.

அவன் பொறியில் மாட்டிக்கொண்ட இடம் அந்தப் பக்கம். ஆரம்பத்தில் வெளியே ஒரு வலி இருந்தது, அதிலிருந்து கொஞ்ச நேரம் ஒதுங்கி நிற்க ஆட்டம் உதவியது. உண்மையிலேயே உதவியது, அதை இல்லையென்று சொல்லக்கூடாது. ஒரு மணி நேரம் கழித்து மனசு லேசாகத்தான் வீட்டுக்குப் போனான். பிறகு ஆட்டமே புதிய வலியைக் கொண்டுவந்தது: விட்ட பணம், வீட்டில் சொன்ன பொய், தூக்கக் குறைவு. அந்த வலிக்கும் மருந்து அதே ஆட்டம். முதலாளி நல்ல வார்த்தை சொன்ன நாளிலும் வண்டி புளியமரத்தடியில் நின்றது. வெளிக்காரணம் தேவைப்படாமல் போகும்போது சுற்று தனக்குத்தானே மூடிக்கொள்கிறது.

மனநல மருத்துவர்கள் சூதாட்டக் கோளாறைக் கண்டறிய டி.எஸ்.எம்.-5 என்ற கையேட்டின் ஒன்பது அடையாளங்களை வைத்துப் பார்க்கிறார்கள். பன்னிரண்டு மாதத்தில் நான்கு இருந்தால் கோளாறு என்று எடுத்துக்கொள்கிறார்கள். மனக்கஷ்டம் வரும்போது ஆடுவது அதில் ஒன்று. விட்டதைப் பிடிக்க மறுநாள் திரும்ப வருவது இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் பக்கத்துப் பக்கத்து வரிகள்தான், ஆனால் இவன் பென்சில் எழுத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டரை மாதத்தில் எந்த நாளில் பார்த்திருந்தாலும் சுலபமாக நிறுத்தியிருக்கலாம். ‘குழு’ என்று எழுதுகிறவனுக்குத் தவணையைப் பற்றிப் பேச ஒரு ஆள் போதும். ‘நேத்து’ என்று எழுதுகிறவனுக்கு அது போதாது.

அவன் நான்கு அடையாளத்தைத் தொட்டானா என்று சொல்ல நான் மருத்துவன் இல்லை. 14416க்குப் போட்டுக் கொடுத்தேன். அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் எண். காசு இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். என் முன்னால் பேசக் கூச்சப்பட்டான், நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். இதே கோளாறில் சாவைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்தால் கணக்கு, பென்சில் எல்லாம் அப்புறம். ஆளைத் தனியாக விடாமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

நாங்கள் செய்தது சின்ன ஏற்பாடுதான். கூலி அவன் அம்மாவின் கணக்குக்குப் போகும்படி முதலாளியிடம் சொல்லிவைத்தோம். யு.பி.ஐ. இணைந்திருக்கும் கணக்கில் பெட்ரோலுக்கும் டீக்கும் வேண்டியது மட்டும். மன உறுதியை நம்பி அவன் கணக்கிலேயே பணத்தை விட்டுவைத்திருந்தால் இரண்டு நிமிட இடைவெளிக்கு முன்னால் எந்த உறுதியும் நின்றிருக்காது. அடுத்து, பொதட்டூர்பேட்டையிலிருந்து தனியாக வருவதை நிறுத்தி, பக்கத்துத் தறிக்காரன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தான். ஆட வேண்டும் என்ற தவிப்பு ஏறும், கொஞ்ச நேரம் உச்சியில் நிற்கும், அப்புறம் இறங்கும். அவனுக்கு வீடு வந்து சேருவதற்குள் பெரும்பாலும் இறங்கிவிட்டது.

மாற்றாக எதைச் செய்வது என்பதில்தான் தடுமாறினோம். டி.வி. பார்க்கச் சொன்னேன், சரிப்படவில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருக்கும்போதே மனசு முதலாளியிடம் போய்விடுகிறது. காசில்லாத ரம்மி ஆடிப் பார்த்தான், மூன்றாம் நாளே பழைய மேசை ஞாபகம் வந்துவிட்டது என்று அவனே சொன்னான். கடைசியில் கைகொடுத்தது பாவு பிணைப்பு. தறியில் பழைய பாவு முடியும்போது புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முடிபோட வேண்டும், ஆயிரக்கணக்கில் இழை. கண்ணும் விரலும் வேறெங்கும் போக முடியாது. தனிக் கூலியும் உண்டு. இது எல்லோருக்கும் பொருந்தும் யோசனை இல்லை. சும்மா இருப்பதைத் தாங்க முடியாமல் ஆடுகிறவனிடம் சும்மா ஓய்வெடு என்று சொல்வதில் பயன் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பொங்கல் வாரத்தில் அம்மாவிடம் ஏதோ சொல்லிப் பணம் வாங்கி இரண்டு இரவு ஆடியிருக்கிறான். மறைக்கவில்லை, ஸ்டேட்மெண்டோடு வந்தான். “ரெண்டு நாள்தான், கேப்பு பாருங்க அண்ணா, இருபது நிமிஷத்துக்குக் கீழ இறங்கல” என்றான். வக்கீல் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிப்பு வந்தது, ஆனால் அவன் சொன்னது சரிதான்.

இந்த முறைக்கு ஓட்டைகள் உண்டு. ஜெயித்த பணத்தை எடுக்காமல் அதிலேயே வாரக்கணக்கில் ஆடுகிறவனுக்கு ஸ்டேட்மெண்டில் ஒரு வரிகூட வராது. அவனுக்குப் போன் அமைப்புகளில் எந்தச் செயலியில் எத்தனை மணி நேரம் போனது என்று காட்டும் பகுதியைத்தான் பார்க்க வேண்டும். ஏஜெண்ட் கையில் ரொக்கம் கொடுத்து ஆடுகிற கிரிக்கெட் பந்தயமும் காகிதத்தில் தெரியாது.

அப்புறம் 2025 வந்தது. பிப்ரவரியில் தமிழ்நாட்டு ஆன்லைன் விளையாட்டு ஆணையத்தின் விதிகள் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை பண ஆட்டத்தை மூடச் சொன்னன. ஆகஸ்ட் 22இல் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு நாடு முழுக்கத் தடை. நடத்துகிறவனுக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. பெரிய செயலிகள் பண மேசைகளை மூடிவிட்டன. புளியமரத்தடி காலியானது.

ஆனால் ஸ்டேட்மெண்ட் படிப்பது கடினமாகிவிட்டது. முன்பு கம்பெனி பெயர் வரும், பார்த்ததும் தெரியும். இப்போது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் இணைப்பைத் தொட்டு வெளிநாட்டுத் தளங்களில் ஆடுகிறார்கள். பணம் யாரோ தனி ஆளின் கணக்குக்குப் போகிறது, வாரத்துக்கு ஒரு பெயர். மகன் யாருக்கோ கைமாற்று கொடுத்ததாகத்தான் வீட்டில் நினைப்பார்கள். அறிமுகமில்லாத பெயர்கள், முழு எண் தொகைகள், ஒரே இரவில் நான்கைந்து வரிகள், நிமிடங்கள் சுருங்கிக்கொண்டே வருவது: இவை நான்கும் சேர்ந்து வந்தால் நான் கேட்டுவிடுகிறேன்.

இதில் புது ஆபத்தும் உண்டு. ஜெயித்த பணம் திரும்பி வருவதும் அப்படிப்பட்ட கணக்குகளிலிருந்துதான், அதில் யாரோ ஏமாற்றிப் பிடுங்கிய பணமும் கலந்திருக்கும். போன மாதம் ஏகாம்பரகுப்பத்துப் பையன் ஒருவன் இரண்டாயிரம் ரூபாய் ஜெயித்து எடுத்தான். நாலாம் நாள் அவன் கணக்கு முடங்கியது. வங்கிக்குப் போய் எந்த ஊர் சைபர் போலீஸ் முடக்கச் சொன்னது, புகார் எண் என்ன என்று கேட்டு வாங்கினோம். அந்த வாரக் கூலியும் அதே கணக்கில்தான் இருந்தது. எந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று வரிவரியாக எழுதி, கூலிக்குத் தறிக்கூடத்துச் சீட்டை இணைத்து அனுப்பியிருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை.